மூன்று டப்பாவும் ஒரு கடன் சீட்டும்

நேயர்களுக்கு வணக்கம். எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகளுக்குக் கைக்காசு கொடுக்கும் வீடுகளுக்காக இன்று பேசுகிறேன். கொடுப்பதா வேண்டாமா என்று கேட்டு நேரத்தைப் போக்கவில்லை. எப்படிக் கொடுப்பது என்பதுதான் பேச்சு.

முதலில் கிழமை. நம்மில் பலர் சனிக்கிழமை சாயங்காலம் கொடுக்கிறோம். மறுநாள் நம் புதுச்சேரி காந்தி வீதியில் சண்டே மார்க்கெட். அங்கே ஒரு டீ-சர்ட், ஒரு பெல்ட், ஒரு போன் கவர் வாங்கினால் அந்த வாரப் பணம் தீர்ந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை "அம்மா, பத்து ரூபா" என்ற பாட்டுத்தான். அதனால் புதன்கிழமை கொடுங்கள். பள்ளிக்கூட நாட்களைத் தாண்டித்தான் ஞாயிறு வரும். மார்க்கெட்டுக்கு எவ்வளவு மிச்சம் வைப்பது என்ற கணக்கைப் பிள்ளையே போட வேண்டியிருக்கும்.

அடுத்து தொகை. பஸ் காசு, நோட்டு, ஜாமெட்ரி பாக்ஸ், பசிக்குச் சாப்பாடு, இவை கைக்காசில் சேராது, வீட்டுச் செலவு. பசியை வைத்துப் பாடம் நடத்தக் கூடாது. மற்றபடி பிள்ளை என்னென்ன கேட்கிறது என்று இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள், தொகை தெரிந்துவிடும்.

முத்தியால்பேட்டையில் ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். வாரம் 150 ரூபாய். செலவுக்கு 90, சேமிப்புக்கு 45, பிறருக்குக் கொடுக்க 15. இதைச் சில்லறையாகவே கொடுக்க வேண்டும். முழு நோட்டாகக் கொடுத்தால் "அப்புறம் பிரிச்சுக்கிறேன்" என்பாள், அது பிரியவே பிரியாது. மூன்று டப்பாவும் உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி இருக்கட்டும், காலி ஊறுகாய் பாட்டில் போதும். மண் உண்டியல் சின்னப் பிள்ளைக்குச் சரி. இந்த வயதில் எண்ணிப் பார்க்கணும், எடுக்கவும் முடியணும்.

அவளுக்கு 900 ரூபாயில் ஒரு ஷட்டில் பேட் வேண்டும். வாரம் 45 என்றால் இருபது வாரம். பதினாலு வயசுக்கு அது ரொம்ப தூரம், பாதியில் விட்டுவிடுவாள். அவள் போடுகிற ஒவ்வொரு 45-க்கும் நீங்கள் 15 சேர்ப்பதாகச் சொல்லுங்கள். பதினைந்தே வாரத்தில் வந்துவிடும். ஆனால் உங்கள் பங்கை வாரா வாரம் போடாதீர்கள், கணக்கில் மட்டும் எழுதி, பேட் வாங்கும் அன்று கொடுங்கள். நடுவில் அவள் வேறு எதற்காவது அந்தப் பணத்தை எடுத்தால் எடுக்கட்டும், திட்ட வேண்டாம். எடுத்த தொகைக்கு உங்கள் பங்கு கிடையாது, அவ்வளவுதான்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. இந்த ஏற்பாட்டைப் பெரும்பாலும் பிள்ளைகள் கெடுப்பதில்லை, நாம்தான் கெடுக்கிறோம். கேஸ் சிலிண்டர்காரர் வாசலில் நிற்கிறார், கையில் பணம் குறைகிறது. நேராக சேமிப்பு டப்பா! முந்நூறு ரூபாய் எடுத்தாகிவிட்டது. "உன் பணம்தானே, எங்கே போயிடும்?" எங்கேயும் போகவில்லை, திரும்பியும் வரவில்லை. இது நடந்ததா என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. திடீரென்று பிள்ளை சேமிப்பை எடுத்து அவசர அவசரமாகச் செலவழிக்கும், இல்லாவிட்டால் பணத்தைப் புத்தகத்துக்குள் ஒளிக்கும். அதைப் பார்த்து ஊதாரி என்று திட்டுவோம். டப்பாவில் வைத்தால் போய்விடும் என்று அது கற்றுக்கொண்டதே நம்மிடம்தான்.

எடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. மாசக் கடைசி எல்லா வீட்டிலும் வரும். முதலில் கேளுங்கள். "இல்லை" என்று சொல்லவும் அதற்கு உரிமை உண்டு. சரி என்றால் ஒரு சீட்டில் தேதி, தொகை, திருப்பித் தரும் நாள், உங்கள் கையெழுத்து. அந்தச் சீட்டு டப்பாவுக்குள் கிடக்கட்டும். சொன்ன நாளில் பணத்தை வைத்து, பிள்ளை கையாலேயே சீட்டைக் கிழிக்கச் சொல்லுங்கள். மறுபடியும் சொல்கிறேன், கேட்டு எடுங்கள், எழுதி எடுங்கள்.

இதே மாதிரி இன்னொரு ஓட்டை, உங்கள் போனில் ஸ்கேன் செய்து வாங்குவது. அது யார் பணம் என்றே தெரியாமல் போகும். வீட்டுக்கு வந்ததும் செலவு டப்பாவிலிருந்து அந்தத் தொகையை உங்களிடம் கொடுத்துவிட வேண்டும், அன்றைக்கே.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கொடுக்கிற டப்பா: யாருக்கு என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும். மணக்குள விநாயகர் உண்டியலில் நீங்கள் போடுவதை அதிலிருந்து எடுக்காதீர்கள். தெருநாய்க்கு பிஸ்கட், கூடப் படிக்கும் பிள்ளைக்கு நோட்டு, எதுவானாலும் சரி. இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது காலியாகணும், இல்லாவிட்டால் அதுவும் இன்னொரு சேமிப்பு ஆகிவிடும்.

சேமிப்பு 500-ஐத் தாண்டினால் தபால் நிலையத்தில் கணக்குத் தொடங்கலாம். பத்து வயது முடிந்த பிள்ளை தன் பெயரிலேயே வைத்துக்கொள்ளலாம். மாதம் 100 ரூபாய் ஆர்.டி.யும் உண்டு, ஆனால் அது ஐந்து வருடம். காலேஜுக்கு ஆகும், பேட்டுக்கு ஆகாது. வணக்கம்.