499 ரூபாய்க்கு விற்கும் ‘யுகே ஸ்பான்சர் லிஸ்ட்’: வாங்காதீங்க மக்களே!

வணக்கம் மக்களே. இன்று சமையல் வீடியோ என்று சொல்லியிருந்தேன், தெரியும். மீன் வாங்கி வைத்தாயிற்று, ஃப்ரிட்ஜில் இருக்கிறது. ஆனால் இதைப் பேசாமல் அடுப்பைப் பற்ற வைக்க மனசு வரவில்லை.

திருச்சியிலிருந்து ஒரு தங்கச்சி எனக்கு ஒரு பிடிஎஃப் அனுப்பினாள். ‘யுகேவில் விசா ஸ்பான்சர் செய்யும் கம்பெனிகள், ரகசியப் பட்டியல்’. 499 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறாள். ரகசியமாம்! மக்களே, அது நான் இருக்கிற இந்த யுகேவின் உள்துறை அமைச்சகம் GOV.UK தளத்தில் இலவசமாகப் போடுகிற கோப்பு. ‘Register of licensed sponsors: workers’ என்று தேடினால் முதலில் அதுதான் வரும். அநேகமாக ஒவ்வொரு வேலை நாளும் புதுப்பிக்கிறார்கள். அவள் வாங்கியதோ பல மாதம் பழையது. விற்றவர் மேலே தன் வாட்ஸ்அப் எண்ணை வேறு அச்சடித்திருக்கிறார். எனக்கு அந்த எண்ணைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

சரி, கோப்பைத் திறப்போம். சிஎஸ்வி, ஒரு லட்சத்துக்கும் மேல் வரிசை. போனில் திறக்காதீர்கள், சுற்றிக்கொண்டே இருக்கும். லேப்டாப்பில் எக்செலில் திறந்து கம்பெனி பெயரைத் தேடினால் ‘இல்லை’ என்று வரும், ஆனால் கண்ணெதிரே இருக்கும்! காரணம், சில பெயர்களுக்கு முன்னாலும் பின்னாலும் வெற்று இடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, சிலவற்றில் ‘Ltd’, சிலவற்றில் ‘Limited’. பக்கத்தில் ஒரு காலியான நெடுவரிசையில் இதைப் போடுங்கள்:

```
=TRIM(A2)
```

இழுத்து விடுங்கள். அப்புறம் பெயரின் நடுவில் உள்ள ஒரு சொல்லை மட்டும் தேடுங்கள். வந்துவிடும். இது வேலை செய்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்து கைதட்டினேன், வீட்டில் யாரும் கண்டுகொள்ளவில்லை.

இப்போது பெயர் கிடைத்துவிட்டது. பக்கத்தில் ‘Worker (A rating)’ என்று இருக்கிறது. தங்கச்சி குதிக்கிறாள், ‘அக்கா, ஏ ரேட்டிங்!’ என்று. பாப்பா, வெளிநாட்டு ஆளை எடுக்க உரிமம் வைத்திருக்கிற ஏறக்குறைய எல்லோருக்கும் ஏ தான். அது ஹோட்டல் ஸ்டார் மாதிரி இல்லை. பி என்று போட்டிருந்தால்தான் சேதி: அந்த நிறுவனத்தில் குறை கண்டுபிடித்து, திருத்தச் சொல்லியிருக்கிறார்கள், அதுவரை வெளியிலிருந்து புதிய ஆளை எடுக்க முடியாது.

ரேட்டிங்கைவிட அதற்கு அடுத்த நெடுவரிசைதான் முக்கியம். ‘Skilled Worker’ என்று, அதாவது நமக்கு வேண்டிய வேலை விசா என்று, இருக்கிறதா பாருங்கள். ‘Global Business Mobility: Senior or Specialist Worker’ என்று மட்டும் இருந்தால், அது தன் வெளிநாட்டுக் கிளையில் ஏற்கெனவே வேலை செய்பவரை இங்கே மாற்றிக்கொள்வதற்கான வழி. வெளியாளான நமக்கு அந்தக் கதவு திறக்காது. ஒரே கம்பெனி இரண்டு மூன்று வரிசையில் வரும், எல்லாவற்றையும் பாருங்கள்.

தங்கச்சிக்கு ஆஃபர் கொடுத்த கம்பெனியை எடுத்துக்கொள்வோம். பெயர் சொல்ல மாட்டேன். பட்டியலில் இருக்கிறது, ஏ, ‘Skilled Worker’. எல்லாம் சரி. அடுத்து நான் போனது கம்பெனீஸ் ஹவுஸ். இங்கே பதிவான ஒவ்வொரு கம்பெனியின் வரலாறும் அதில் இலவசம். எனக்கு இந்த நாட்டில் மிகவும் பிடித்த இணையதளம் இதுதான், சிரிக்காதீர்கள்.

முதலில் பதிவு தேதி. கம்பெனி தொடங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அது குற்றமில்லை. கணக்குத் தாக்கல் பக்கத்தைத் திறந்தேன்: மைக்ரோ நிறுவனக் கணக்கு, சராசரி ஊழியர்கள் 2 பேர். இரண்டு பேர் இருக்கிற கம்பெனி எதற்காகக் கடல் தாண்டி ஆறு டெவலப்பர்களைக் கூப்பிடுகிறது? விளம்பரத்தில் ஆறு என்றுதான் இருந்தது. அப்புறம் இயக்குநர் பெயரைச் சொடுக்கினால் அவர் இருந்த மற்ற கம்பெனிகள் வரும். அங்கே வரிசையாகக் கலைக்கப்பட்டவை. ‘First Gazette notice for compulsory strike-off’ என்று ஒரு வரி எங்காவது தெரிந்தால், பதிவேட்டிலிருந்தே நீக்கப் போவதாக அறிவிப்பு வந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த வரியைப் பார்த்தாலே நான் நின்றுவிடுவேன்.

ஓ, சம்பளத்தைச் சொல்லவே இல்லையே, பின்னால் வாருங்கள். ஆஃபர் லெட்டரில் வருஷத்துக்கு சரியாக 41,700 பவுண்டு. 2025 ஜூலை 22 முதல் இந்த ‘Skilled Worker’ விசாவுக்கான பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் அதுதான். ஒரு பென்னிகூட கூடக் குறைய இல்லாமல் அதே எண் வந்தால் எனக்குச் சந்தேகம் வரும். அதைவிட, ஒவ்வொரு வேலைக் குறியீட்டுக்கும் தனியாக ஒரு சம்பள அளவு உண்டு, இரண்டில் எது அதிகமோ அதைக் கொடுக்க வேண்டும். மென்பொருள் டெவலப்பர் குறியீடு 2134, அதற்கான அளவு ஐம்பதாயிரத்தைத் தாண்டும். 26 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கணக்கு வேறு. இவள் முப்பதைத் தாண்டியவள், அனுபவம் உள்ளவள். அந்த ஆஃபரில் விசாவே வராது. நிஜமாகவே ஆள் எடுக்கிற கம்பெனிக்கு இது தெரிந்திருக்கும்.

அடுத்து பழைய நடத்தை. உரிமம் ரத்தானால் பெயர் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் போய்விடும், ஏன் போனது என்று ஒரு வரி இருக்காது. 2024 ஜூலையிலிருந்து 2025 ஜூன் வரை மட்டும் 1,948 உரிமங்களை ரத்து செய்திருக்கிறார்கள். அதனால்தான் பழைய பிடிஎஃப் ஆபத்து. ஆஃபர் வந்த அன்றும் பாருங்கள், விசாவுக்கு விண்ணப்பிக்கும் அன்றும் பாருங்கள். வேலையில் சேர்ந்த பிறகு ரத்தானால், வேறு ஸ்பான்சர் தேட வழக்கமாக 60 நாள்தான் கொடுப்பார்கள்.

GOV.UK-இலேயே தொழிலாளர் தீர்ப்பாயத்தின் தீர்ப்புகளையும் தேடலாம், 2017 முதல் இருக்கின்றன. கம்பெனி பெயரைப் போட்டால் சம்பளம் பிடித்தவர், சொல்லாமல் நீக்கியவர் எல்லாம் வந்து நிற்பார்கள். பெரிய கம்பெனி என்றால் ஒன்றிரண்டு வழக்கு சகஜம். பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் சம்பள பாக்கி வழக்கே நாலு வந்தால் வேண்டாம்.

பணம்! ‘ஸ்பான்சர்ஷிப் சான்றிதழுக்கு 12 லட்சம்’ என்று அவளிடம் கேட்டிருக்கிறார்கள். விசாவுக்காகக் கம்பெனி தரும் அந்தச் சான்றிதழுக்கு 2025 ஏப்ரல் முதல் அரசுக் கட்டணம் 525 பவுண்டு. அதைக் கட்ட வேண்டியது கம்பெனி, உங்கள் தலையில் கட்டக் கூடாது. திறன் வரி என்று இன்னொன்று இருக்கிறது, அதுவும் கம்பெனியின் பொறுப்பு. நீங்கள் கட்டுவது விசா கட்டணமும், வருஷத்துக்கு 1,035 பவுண்டு மருத்துவக் கட்டணமும், அதுவும் அரசுத் தளத்தில் நேரடியாக.

இன்னொன்று விட்டுப்போச்சு, இது ரொம்ப முக்கியம். பட்டியலில் இருந்தாலும் பல கம்பெனிகள் ஏற்கெனவே இங்கே இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் ஸ்பான்சர் செய்யும். இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்கிறவருக்கு ‘டிஃபைன்ட்’ சான்றிதழ் வேண்டும், அதைக் கம்பெனி அந்த வேலைக்கென்றே உள்துறையிடம் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அதனால் இன்டர்வியூவிலேயே கேளுங்கள்: ‘வெளிநாட்டிலிருந்து வருபவருக்கு டிஃபைன்ட் சான்றிதழ் எடுத்திருக்கிறீர்களா?’ ‘எச்ஆரிடம் கேட்டுச் சொல்கிறோம்’ என்றால் காத்திருங்கள். ‘கையில் ரெடியாக இருக்கிறது, அட்வான்ஸ் போடுங்கள்’ என்றால் பிளாக் செய்துவிட்டு வந்து கமென்ட்டில் சொல்லுங்கள். மீனைக் கழுவப் போகிறேன்.