மேசையில வைச்சிட்டுப் போங்க

கேள்வி: அக்கா, நான் ஏ.எல். படிக்கிறன். எங்கட பள்ளிக்கூட நூலகத்தில பாத்து முடிச்ச புத்தகத்தை எடுத்த இடத்திலயே வைக்க விடுறாங்க இல்ல, மேசையில வைச்சிட்டுப் போகச் சொல்றாங்க. எடுக்கத் தெரிஞ்ச எங்களுக்கு வைக்கத் தெரியாதா?

கோவப்படாதீங்க தம்பி, உங்கள நம்பாம அப்பிடிச் சொல்றதில்ல. நான் திருகோணமலையில ஒரு பள்ளிக்கூட நூலகத்தில உதவியாளரா இருக்கிறன். என்ர வேலையில பாதி அந்த மேசையிலதான் நடக்குது. அங்க நடந்த ஒரு விஷயத்தைச் சொல்றன்.

எங்கட பள்ளிக்கூடத்தில உங்களப்போல ஏ.எல்.லில தமிழ் எடுத்த ஒரு பிள்ளை. கிண்ணியாப் பக்கத்தில இருந்து பஸ்ஸில வாறவள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு அரை மணித்தியாலம்தான் அவளுக்கு நூலகம், பிந்தினா பஸ் போயிடும். தமிழ் இலக்கிய வரலாறு வேணும் எண்டு வந்தாள். சேர்வுப் பதிவேட்டைப் பாத்தன், இரண்டு பிரதி இருக்கு. ஒண்டு இரவல் போயிருக்கு, அதின்ர அட்டை பெட்டிக்குள்ள இருக்கு. மற்றது இறாக்கையில இருக்கவேணும். ஆனா இல்ல. அண்டைக்கு அவள்ர அரை மணித்தியாலமும் தேடுறதிலயே போச்சு. அடுத்த நாளும் வந்தாள். மூண்டாம் நாளும் வந்து வாசலில நிண்டு, "இருக்கா மிஸ்?" எண்டு மட்டும் கேட்டாள். இல்லையெண்டு தலையாட்டினன். அதுக்குப் பிறகு அவள் வரேல்ல.

அந்தப் புத்தகம் ஒரு நாளும் நூலகத்தை விட்டு வெளிய போகேல்ல. வருஷ முடிவுக் கணக்கெடுப்பில கண்டுபிடிச்சன். தமிழ் நாவல்கள் முடியிற இடத்தில, கடைசித் தட்டில, ஆக வலப்பக்கம், நேரா நிமிர்ந்து நிக்குது. தூசி கூட அவ்வளவா இல்ல.

அது அங்க எப்பிடிப் போனது எண்டு விளங்க, புத்தகத்தின்ர முதுகில ஒட்டியிருக்கிற எண்ணைப் பாக்கவேணும். அதுக்குப் பேர் பகுப்பெண். நாங்க பாவிக்கிறது தூயி தசமப் பகுப்பு, 1876இல முதல் வெளிவந்தது, இலங்கையில பள்ளிக்கூட நூலகங்களில வழக்கமா இதுதான். இதில 8இல தொடங்குறதெல்லாம் இலக்கியம். 894.811 எண்டா தமிழ் இலக்கியம். அதுக்குப் பின்னால 1 சேர்ந்தா கவிதை, 2 சேர்ந்தா நாடகம், 3 சேர்ந்தா நாவல், சிறுகதை. ஆகவே தமிழ் நாவல் 894.8113. இலக்கிய வரலாறு, திறனாய்வு எண்டா பின்னால 09 சேரும், 894.81109.

இப்ப இந்த இரண்டு எண்ணையும் பாருங்க. 894.8113, 894.81109. எது முதல் வரும்? கனபேர் நாவல்தான் முதல் எண்டு சொல்லுவாங்க. புள்ளிக்குப் பிறகு உள்ளதை முழு எண்ணா வாசிச்சா ஒண்டு எண்ணாயிரத்து நூற்றிப் பதின்மூண்டு, மற்றது எண்பத்தோராயிரத்து நூற்றி ஒன்பது. பெரிசு கடைசியிலதானே வரவேணும்? அந்தப் புத்தகத்தை வைச்ச பிள்ளையும் இப்பிடித்தான் யோசிச்சிருக்கும். கவனயீனமா ஒரு பிள்ளை கண்ட இடத்தில செருகியிருந்தா, அது வெளிய நீட்டிக்கொண்டோ சரிஞ்சோ இருந்து எங்கட கண்ணில பட்டிருக்கும். இது எண்ணைப் பாத்து, ஒழுங்கா வைக்கவேணும் எண்டு நினைச்சு வைச்ச புத்தகம். அதனாலதான் இத்தனை மாசம் ஒருத்தருக்கும் தெரியேல்ல.

சரியான முறை என்னெண்டா, புள்ளிக்குப் பிறகு ஒவ்வொரு இலக்கமா ஒப்பிடுறது. துணிக்கடையில 1.5 மீற்றர் கூடவா 1.35 மீற்றர் கூடவா எண்டு கேட்டா ஒருத்தரும் பிழை விடமாட்டாங்க. 35, 5ஐ விடப் பெரிசெண்டு நினைச்சு குறைஞ்ச துணியோட வீட்டுக்குப் போறவங்க இல்ல. அதே கணக்குத்தான் இதுவும். 8க்கு 8 சரி, 1க்கு 1 சரி, அடுத்த 1க்கும் 1 சரி. நாலாவது இலக்கத்தில ஒண்டில 0, மற்றதில 3. 0 முதல் வரும். அதோட நிப்பாட்டலாம், அங்கால எத்தனை இலக்கம் இருந்தாலும் பாக்கத் தேவையில்ல. அப்பிடிப் பாத்தா இலக்கிய வரலாறு கவிதைக்கும் முன்னால, தமிழ் இலக்கியப் பகுதியின்ர தொடக்கத்திலயே நிக்கவேணும். எங்கட நூலகத்தில தமிழ் இலக்கியம் மட்டும் நாலு இறாக்கை. அந்தப் பிள்ளை முதலாவது இறாக்கையில தேடினாள், புத்தகம் நாலாவதில நிண்டது.

இதில இன்னொரு விஷயம் இருக்கு. எங்கட இறாக்கைகளுக்குக் கதவு இல்ல. முந்தி இருந்த கண்ணாடி அலுமாரியில புத்தகத்தைப் பூட்டி, திறப்பை மேசை லாச்சிக்குள்ள வைச்சிருந்தாங்க. அப்ப பேர் சொல்லிக் கேட்டாத்தான் புத்தகம் கிடைக்கும், பேர் தெரியாத பிள்ளைக்கு ஒண்டுமில்ல. சீர்காழியில பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தை நடத்தின இரங்கநாதன், 1931இல எழுதின ஐந்து விதிகளில முதலாவதே புத்தகங்கள் பாவிக்கிறதுக்கு எண்டதுதான். நாலாவது விதி வாசகரின்ர நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்லுது. இந்த இரண்டையும் சேத்துப் பாத்தா மேசை ஏன் எண்டது விளங்கும். திறந்து விட்டா புத்தகம் பாவனைக்கு வரும், ஆனா எல்லாரும் திருப்பி வைச்சா ஒரு தவணைக்குள்ள ஒழுங்கு குலைஞ்சு, அந்த அரை மணித்தியாலப் பிள்ளைக்கு நேரம் போகும். அதனால எடுக்கிறதை முழுசா உங்களிட்ட விட்டிட்டு, வைக்கிறதை மட்டும் நாங்க எடுத்துக்கொள்ளுறம். ஒருத்தரே வைச்சா, பிழை வந்தாலும் அது என்ன மாதிரிப் பிழையெண்டு தெரியும். நான் களைச்ச நேரத்தில 894ஐயும் 494ஐயும் மாத்திறனான். 494.811 தமிழ் மொழி, இலக்கணம் எல்லாம் அங்க. ஒரு இலக்கணப் புத்தகத்தைக் காணேல்லயெண்டா நான் முதல் போறது நாவல் பக்கம்தான்.

மேசையில சேர்ந்த புத்தகத்தை அடுக்க முன்னம் நான் ஒரு வேலை செய்யுறன், அதைக் கனபேர் கவனிக்கிறதில்ல. ஒரு கொப்பியில பகுப்பெண்ணை எழுதி, ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு கோடு போடுறன். இரவல் போன புத்தகத்துக்கு அட்டையில திகதி விழும். ஆனா நூலகத்துக்குள்ளயே இருந்து பாத்திட்டு வைச்ச புத்தகத்துக்கு எங்கயும் பதிவில்ல. அகராதி, தேசப்படம், கலைக்களஞ்சியம் இரவலே குடுக்காதது, அதுகள ஆர் பாத்தாங்க எண்டு எந்த அட்டையும் சொல்லாது. போன வருஷம் பழைய புத்தகங்களைக் கழிக்கிறதுக்கு ஒரு பட்டியல் போட்டம். அதில கடல்வாழ் உயிரினங்களைப் பற்றின ஒரு பெரிய படப் புத்தகம் இருந்தது, 591.77. அட்டையில ஆறு வருஷமா ஒரு திகதியும் இல்ல. கொப்பியைப் பாத்தா இரண்டு தவணையில 31 கோடு. தரம் 6, 7 பிள்ளைகள், கூடுதலா மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைகள், இடைவேளையில நாலு பேர் சேர்ந்து நிலத்தில விரிச்சு வைச்சுப் பாக்கிற புத்தகம் அது. இங்க கோணேசர் கோயில் மலையில நிண்டு கடலைப் பாத்தா, சில நாளையில திமிங்கிலம் தண்ணி பீச்சியடிக்கிறதைக் காணலாம். அதைக் கண்ட பிள்ளை அடுத்த நாள் வந்து தேடுறது அந்தப் புத்தகத்தைத்தான். பாரமான புத்தகம், வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டாங்க. அந்தப் பிள்ளைகள் தாங்களே தட்டில வைச்சிட்டுப் போயிருந்தா, ஒருத்தரும் தொடாத புத்தகம் எண்டு அதைக் கழிச்சிருப்பம். பட்டியலில இருந்து வெட்டிட்டு, அந்தப் பகுதிக்கு இன்னும் இரண்டு புத்தகம் வேணும் எண்டு அதிபருக்கு எழுதிக் குடுத்தன்.

ஆனா மேசை எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளின்ர படக்கதைப் புத்தகங்களுக்கு நாங்க எண் பாக்கிறதில்ல. நிறக் கடதாசி ஒட்டி, அதே நிறப் பெட்டிக்குள்ள போட விடுறம். மஞ்சள் மஞ்சளுக்க. அங்க அவங்களே வைக்கலாம், பிழைச்சாலும் பெட்டி கலையுமே தவிர புத்தகம் தொலையாது. அதோட, என்னதான் ஒழுங்கா அடுக்கினாலும் எண் தெரியாத பிள்ளைக்கு 894.81109 எண்டது வெறும் இலக்கம்தான். அதனால இறாக்கையின்ர பக்கப் பலகையில எழுத்தில எழுதி ஒட்டவேணும், தமிழ் இலக்கிய வரலாறு இங்க, கவிதை இங்க எண்டு. எங்கட நூலகத்தில அந்தப் பிள்ளை தேடின நாளில அப்பிடி ஒரு எழுத்தும் இருக்கேல்ல. இப்ப இருக்கு.

காலையில முதல் பாடவேளைக்கு முன்னம் ஒரு கால் மணித்தியாலம், ஒரு நாளைக்கு மூண்டு தட்டு, இடமிருந்து வலமா முதுகு எண்ணை விரலால தொட்டுத் தொட்டு வாசிச்சுக்கொண்டு போவன். கண்ணால மட்டும் பாத்தா ஓடிப் போயிடும், விரல் வைச்சாத்தான் நிக்கும். சந்தேகமெண்டா பக்கத்துப் புத்தகத்தின்ர எண்ணையும் சேத்து வாய் விட்டுச் சொல்லிப் பாப்பன். தமிழ் இலக்கியத்தில மட்டும் கிழமைக்கு ரெண்டு மூண்டு பிழை பிடிபடும், அதில ஒண்டாவது இந்த 09 பிழையாத்தான் இருக்கும்.

உங்கட நூலகத்தில மேசையில வைச்ச புத்தகம் அடுத்த நாளும் அங்கயே குவிஞ்சு கிடக்குதெண்டா, அதைக் கட்டாயம் கேளுங்க தம்பி. மேசையில கிடக்கிற புத்தகமும் தேடுற பிள்ளைக்கு இல்லாத புத்தகம்தான். நாங்க இடைவேளை முடிஞ்ச உடனயும், பள்ளிக்கூடம் விடுறதுக்கு அரை மணித்தியாலம் முன்னமும் எண்டு இரண்டு தரம் அடுக்கிறம். பின்னேரம் பஸ்ஸுக்குப் போற பிள்ளைகள் வரேக்க மேசை வெறுமையா இருக்கவேணும்.