இரண்டு ஒப்பந்த வரைவுகள்: இழப்பு யார் கணக்கில் போகிறது?

வணக்கம். கிருஷ்ணகிரியில் மாங்காய் வரத்து தொடங்கும் முன்பே மாங்கூழ் தொழிற்சாலைகளுக்கும் வாங்குபவர்களுக்கும் இடையே ஒப்பந்த வரைவுகள் போய்வரத் தொடங்கிவிடும். அப்படி ஒரு தொழிற்சாலை அனுப்பிய வரைவும், சென்னையில் உள்ள வாங்குபவர் திருத்தி அனுப்பிய வரைவும் இப்போது திரையில் அருகருகே உள்ளன; பெயர்களையும் தொகைகளையும் மாற்றியிருக்கிறேன். தொழிற்சாலை உரிமையாளர் என்னிடம் கேட்டது இதுதான்: "மாறியதையெல்லாம் பட்டியல் போட வேண்டாம் சார், எனக்கு எங்கே அடி விழும் என்று மட்டும் சொல்லுங்கள்."

திருப்பி வந்த கோப்பில் சிவப்பு நிறத்தில் தெரியும் திருத்தங்களை மட்டும் நம்பி வேலையைத் தொடங்கக் கூடாது, ஏனென்றால் திருத்தத்தைப் பதிவு செய்யும் வசதியை நிறுத்திவிட்டு மாற்றிய சொல் சிவப்பாகத் தெரியாது. நாம் அனுப்பிய மூலக் கோப்பையும் வந்த கோப்பையும் வேர்டில் Review பகுதியில் உள்ள Compare மூலம் ஒப்பிட்டால்தான் எல்லா மாற்றங்களும் வெளிவரும். பெரும்பாலானவை பிரிவு எண், முகவரி, எழுத்துப்பிழை போன்றவை, அவற்றை ஒதுக்கிவிடலாம். விலை மாற்றமும் என் சுருக்கத்தில் வராது, அது உரிமையாளர் தாமே பேசி முடிக்க வேண்டிய வியாபாரம்.

இப்போது 7-ஆம் பிரிவைப் பாருங்கள். "டெலிவரி ஆனதும் சரக்கின் மீதான இழப்பு வாங்குபவரைச் சேரும்" என்ற அந்த வரி இரண்டு வரைவுகளிலும் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் முதல் பக்கத்தில், டெலிவரி என்றால் என்ன என்று சொல்லும் வரையறை மாறிவிட்டது. முன்பு "தொழிற்சாலை வாசலில் லாரியில் ஏற்றி முடித்த நேரம்" என்றிருந்தது, இப்போது "வாங்குபவரின் கிடங்கில் பரிசோதனை முடிந்து எழுத்தில் ஏற்றுக்கொண்ட நேரம்" என்று ஆகியிருக்கிறது. மாறிய வரிகளை மட்டும் படிப்பவர் இதைச் சொற்களைத் தெளிவுபடுத்திய திருத்தம் என்று எண்ணிக் கடந்துவிடுவார். வரையறை மாறினால், அந்தச் சொல் வரும் இடங்களையெல்லாம் தேடி, மாறாத பிரிவுகளையும் மறுபடி படிக்க வேண்டும்.

ஒரு லோடு என்பது 215 கிலோ டிரம்கள் 80, அதாவது 17,200 கிலோ. கிலோ 60 ரூபாய் என்று வைத்தால் 10,32,000 ரூபாய். லாரி வழியில் கவிழ்ந்தால் முதல் வரைவின்படி அது வாங்குபவரின் இழப்பு, இரண்டாவதன்படி தொழிற்சாலையின் இழப்பு. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, வேறு உடன்பாடு இல்லாதவரை சரக்கின் உரிமை யாரிடமோ இழப்பும் அவரிடமே என்கிறது. இங்கே அந்த வேறு உடன்பாட்டைத்தான் வரையறை வழியாக எழுதிவிட்டார்கள்.

அதே சொல் 9-ஆம் பிரிவிலும் வருகிறது: "டெலிவரியிலிருந்து 30 நாளுக்குள் பணம்." பரிசோதனையை எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று எங்கும் இல்லை, ஆகவே ஏற்புக் கடிதம் வராதவரை 30 நாள் கணக்கே தொடங்காது. தொழிற்சாலை உத்யம் பதிவு பெற்ற குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால், 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி சரக்கு கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் கிடைத்த நாளே ஏற்ற நாளாகக் கொள்ளப்படும், பணத்துக்கான காலமும் 45 நாளைத் தாண்ட முடியாது. ஆனால் அந்தப் பாதுகாப்பு பணத்துக்கு மட்டுமே. கவிழ்ந்த லாரிக்கு உதவாது.

எனவே சுருக்கத்தில் நான் எழுதியது இவ்வளவுதான்: "டெலிவரி வரையறை மாற்றம். பாதிக்கும் பிரிவுகள் 7, 9. வழியில் சேதமானால் முன்பு இழப்பு அவர்களுடையது, இனி நம்முடையது. லோடுக்கு 10,32,000 ரூபாய் வரை. பணம் வரும் நாள் அவர்கள் கையில். பழைய வரையறையே வேண்டும். தராவிட்டால் வழிக் காப்பீட்டுச் செலவை விலையில் சேர்த்து, 7 நாளில் பதில் வராவிட்டால் ஏற்றதாகக் கொள்ள வேண்டும் என்று கேட்கலாம்." என்ன நடந்தால், முன்பு யார், இனி யார், எவ்வளவு என்ற நான்கும் இல்லாத குறிப்பு உரிமையாளருக்குப் பயன்படாது.

இரண்டாவது மாற்றம் பின்னிணைப்பில் இருக்கிறது, அதைச் சட்டம் படித்தவர்கள் பெரும்பாலும் திறப்பதே இல்லை. பெங்களூரா ரக மாங்கூழின் இனிப்பைக் காட்டும் பிரிக்ஸ் அளவு "குறைந்தது 14" என்பது "குறைந்தது 15" ஆகியிருக்கிறது. அறுவடை நேரத்தில் மழை பெய்தால் பழத்தில் இனிப்பு குறையும், அந்த ஆண்டு லோடுகளைத் திருப்பி அனுப்ப அவர்களுக்கு உரிமை வந்துவிடும். இதை நான் தரப் பிரச்சினையாக எழுதவில்லை, மழையின் இழப்பு நம் பக்கம் மாறியதாகவே எழுதினேன். கடந்த பருவங்களின் ஆய்வக அறிக்கைகளைப் பார்த்து, எத்தனை லோடுகள் 15-க்குக் கீழே வந்தன என்று எண்ணித் தருமாறு தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் கேட்டிருக்கிறேன். அந்த எண்ணிக்கை வந்த பிறகுதான் இந்த மாற்றத்துக்கு எதிரில் ஒரு தொகையை எழுத முடியும்.