60-ல் போய் 40-ல் திரும்பினால் சராசரி 50 தானா?

கேள்வி: சார், கணக்கைப் படிச்சதுமே விடை டக்குனு வந்துடுது, ஆனா பாதி தப்பாயிடுது. திரும்பப் பார்த்தாலும் சரியாத்தான் தெரியுது. எப்படிச் சரிபார்க்கிறது?

பதில்: ஒரு பையன் கதையைச் சொல்கிறேன். தருமபுரியில் விடுதியில் தங்கிப் பத்தாவது படித்தான். கணக்கில் கெட்டிக்காரன், கை வேகமும் அதிகம். மறுநாள் தேர்வு. ராத்திரி களி சாப்பிட்ட கையோடு வராந்தாவில் பழைய வினாத்தாளை விரித்து உட்கார்ந்தான். ஒரு வண்டி தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போய், அதே வழியில் 40-ல் திரும்புகிறது. சராசரி வேகம் என்ன?

60-ம் 40-ம் 100, பாதி 50. கொடுத்திருந்த நான்கு விடைகளில் 50-ம் இருந்தது. இருக்கத்தானே செய்யும்! நாம் எங்கே வழுக்குவோம் என்று வினாத்தாள் எடுக்கிறவருக்குத் தெரியாதா? இன்னொரு முறை கூட்டினான், அதே 50. கூட்டலில் தப்பில்லையே, எத்தனை முறை கூட்டினாலும் அதுதான் வரும்.

பக்கத்தில் ஒன்பதாவது படிக்கிற பையன். அவன் அப்பா பாலக்கோட்டிலிருந்து தக்காளி லோடு ஓட்டுகிறவர். அவன் கேட்டான், "அண்ணா, போக எவ்ளோ நேரம், வர எவ்ளோ நேரம்?"

தூரம் கணக்கில் இல்லை. சரி, 48 கிலோமீட்டர் என்று வைத்துப் போட்டுப் பார்த்தார்கள். போக 48 நிமிடம், வர 72 நிமிடம். மொத்தம் 96 கிலோமீட்டர், சரியாக 2 மணி நேரம். வகுத்தால் 48.

பெரியவனுக்கு மனசு ஒப்பவில்லை. 50-தான் சரி என்றால் 96 கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரமாகும் என்று பின்னாலிருந்து போட்டான். 1 மணி 55 நிமிடம் சொச்சம். வண்டி ஓடியதோ 2 மணி நேரம். அங்கேதான் 50 உடைந்தது. வண்டி மெதுவாக ஓடியபோது சாலையில் அதிக நேரம் இருந்திருக்கிறது, அதனால் சராசரி 40 பக்கம் சாய்கிறது. தூரத்தை 120 என்று மாற்றினான்: 2 மணி, 3 மணி, மொத்தம் 240-ஐ 5-ஆல் வகுத்தால் அப்போதும் 48.

நீங்களும் சரிபார்க்கும்போது போன வழியிலேயே போகாதீர்கள். விடையைக் கணக்குக்குள் திரும்ப வைத்துப் பாருங்கள், இல்லையென்றால் கொடுக்காத எண்ணை மாற்றிப் போடுங்கள்.

அப்புறம் அவன் இரண்டு வேகங்களின் பெருக்கலை இரண்டால் பெருக்கி, கூட்டுத்தொகையால் வகுக்கும் சூத்திரத்தையும் மனப்பாடம் செய்துகொண்டான். மறுநாள் தேர்விலும் அதே 60, அதே 40. சூத்திரத்தில் போட்டு 48 என்று எழுதிவிட்டான். நேரம் மீதி இருந்ததால் தூரம், நேரம் என்று இரண்டு கட்டம் போட்டான். இந்த வண்டி 60-ல் 2 மணி நேரம், 40-ல் 2 மணி நேரம் ஓடியிருக்கிறது. 120-ம் 80-ம் 200, நேரம் 4 மணி. 48-ஐ அடித்துவிட்டு 50 என்று எழுதினான்.