"படம் மங்கலாக இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் புரொஜெக்டர் மாறாது

வணக்கம். எந்தப் புரொஜெக்டராலும் கறுப்பு நிறத்தைச் சுவரில் வீச முடியாது என்பதை எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? அது ஒளியைச் சேர்க்க மட்டுமே வல்லது. ஆகவே, ஒளி விழாத இடத்தில் திரை எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறதோ, அதுதான் நமக்குக் கிடைக்கும் கறுப்பு.

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். புதிய புரொஜெக்டர் கேட்டு நான் முதலில் எழுதிய கடிதத்தில் "படம் மங்கலாக இருக்கிறது" என்ற ஒரே வரிதான் இருந்தது. "ஜன்னலைச் சாத்திப் பாருங்கள், சார், இல்லையென்றால் லேம்பை மாற்றிவிடலாம்" என்றார் தலைமையாசிரியர். அவர் கேட்டது நியாயம்தான். கிழக்கு ஜன்னல் வழியே காலை வெயில் நேராகத் திரையில் விழும் அறை அது.

எனவே இரண்டாவது கடிதத்துக்கு முன் ஜன்னல்களைச் சாத்தி, முழு வெள்ளைப் பக்கம் ஒன்றையும் முழுக் கறுப்புப் பக்கம் ஒன்றையும் திரையிட்டுப் படம் எடுத்தேன். இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனமாகப் பார்க்க வேண்டும்.

[திரையில்: இரண்டு புகைப்படங்கள்]

லேம்ப் மட்டும் தேய்ந்திருந்தால், அறையை இருட்டாக்கியதும் படம் ஒளி குறைந்தாலும் மூலைக்கு மூலை நிறம் மாறாமல், ஒரே சீராகத் தெரியும். இங்கோ வெள்ளைப் பக்கத்தின் வலது மூலையில், தேநீர் சிந்திய வேட்டியைப் போல, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் கறை. கறுப்புப் பக்கத்தில் அதே மூலையில் நீலம் கசிகிறது. எல்சிடி வகைப் புரொஜெக்டரில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனிப் பாதை உண்டு. அவற்றுள் நீல ஒளியின் பாதையில் இருக்கும் மெல்லிய வடிகட்டித் தகடுதான் பெரும்பாலும் முதலில் கருகும். கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் கிளப்பும் புழுதி காற்று ஃபில்டரை அடைத்துவிட்டால், உள்ளே சூடேறி அது விரைந்து கெடும். புது லேம்ப் இந்தக் கறையைப் போக்காது. கூடுதல் வெளிச்சத்தில் எடுத்துத்தான் காட்டும்.

லேம்ப் எத்தனை மணி நேரம் எரிந்தது என்பது மெனுவிலேயே இருக்கிறது, அதையும் குறித்துக்கொண்டேன். இனி கடிதம்.

"மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் ஐயா அவர்களுக்கு, வணக்கம். எட்டாம் வகுப்பு அறையின் புரொஜெக்டர் லேம்ப் 4,200 மணி நேரம் எரிந்துள்ளது. கையேடு கூறும் ஆயுள் 4,000 மணி நேரம். ஜன்னல்களை அடைத்த பின்பும் வலது மூலையில் மஞ்சள் கறை நீங்கவில்லை. ஃபில்டரைத் துடைத்த பின்பும் மாற்றமில்லை. தமிழ்நாட்டு வரைபடத்தில் வெளிர்மஞ்சளில் உள்ள மாவட்டங்களின் எல்லைக்கோடுகளை மூன்றாம் வரிசை மாணவர்களால் பிரித்தறிய இயலவில்லை. லேம்பை மட்டும் மாற்றினால் கறை நீங்காது என்பதால், கருவியையே மாற்றித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். முதல் பாடவேளையில் ஐயா ஒருமுறை வந்து மூன்றாம் வரிசையில் அமர்ந்து பார்க்க வேண்டுகிறேன். இணைப்பு: புகைப்படங்கள் 2."

அந்த மூன்றாம் வரிசை வாக்கியத்தை எழுதத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. அங்கே அமர்ந்து பார்த்த பின்பே எழுதினேன். உங்கள் வகுப்புத் திரையில் கறை எந்த மூலையில், எந்த நிறத்தில் தெரிகிறது என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள். கடிதத்துக்கான வாக்கியத்தைச் சேர்ந்தே அமைப்போம்.