குத்துவிளக்குப் படம் யாருக்கு முதலில் தெரிகிறது?

(கும்பகோணத்தில் பாத்திரக்கடை வணிகர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

வணிகப் பெருமக்களே, புதிதாகக் கடை திறந்திருக்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

மேடை ஏறுமுன் ஒரு தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். கடை திறந்து நான்கு மாதம் ஆகிறதாம். "அண்ணே, நேற்று நாச்சியார்கோவில் குத்துவிளக்கு ஒன்றின் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டேன். மன்னார்குடியிலிருந்து ஒரு அம்மா எடை என்ன, விலை என்ன என்று கேட்டார். ஆனால் என் எதிர்வீட்டுப் பையனும் என் பக்கத்தைப் பின்தொடர்கிறான். அவன் கண்ணில் அந்தப் படம் படவே இல்லை என்கிறான். இது என்ன கணக்கு?" என்று கேட்டார். நான் வேறு பேசத் தயாரித்து வந்திருந்தேன். அதை வைத்துவிட்டு, இந்தக் கேள்விக்கே பதில் சொல்கிறேன்.

2016 வரைக்கும் இன்ஸ்டாகிராமில் கடைசியாகப் போட்டது மேலே நிற்கும். வரிசையில் கடைசியில் வந்தவருக்கு முதல் இடம், அவ்வளவுதான். அந்த ஆண்டில் அந்நிறுவனமே ஒரு உண்மையைச் சொன்னது: ஒருவருக்கு வரும் பதிவுகளில் சராசரியாக 70 சதவீதத்தை அவர் பார்ப்பதே இல்லை. படம் மலைபோல் குவிகிறது, பார்ப்பவருக்கு நேரம் இல்லை. அதனால் எதை மேலே வைப்பது என்று தெரிந்தெடுக்க ஆரம்பித்தார்கள். நேர வரிசையிலேயே பார்க்க விரும்புபவர்களுக்கு 2022-ல் Following என்ற பகுதியைத் திரும்பக் கொடுத்தார்கள். அதைத் தேடிப் போகாமல் செயலியைத் திறப்பவர் பார்ப்பது தெரிந்தெடுத்த வரிசையைத்தான்.

இங்கே முதலில் மனதில் வாங்க வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் படத்துக்கு ஊர் முழுவதற்கும் பொதுவான ஒரு மதிப்பெண் கிடையாது. ஒவ்வொருவர் கைப்பேசிக்கும் தனித்தனி மதிப்பெண். மன்னார்குடி அம்மாவுக்கு ஒன்று, எதிர்வீட்டுப் பையனுக்கு வேறொன்று.

அந்த அம்மா கைப்பேசியைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பின்தொடர்பவர்கள் அண்மையில் போட்டவை எல்லாம் ஒரு குவியலாக எடுக்கப்படுகின்றன. பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி: இதைப் பார்த்தால் இவர் என்ன செய்வார்? சில நொடி நின்று பார்ப்பாரா, விருப்பக்குறி இடுவாரா, கருத்து எழுதுவாரா, வேறு ஒருவருக்கு அனுப்புவாரா, கடையின் பெயரைத் தொட்டு உள்ளே போவாரா, இல்லை வேண்டாம் என்று மறைத்துவிடுவாரா? இதற்கு விடை அவருடைய பழைய நடத்தையிலிருந்து ஊகிக்கப்படுகிறது. போன மாதம் அவர் உங்கள் கடைக்குச் செய்தி அனுப்பினார். ஒரு அன்ன விளக்குப் படத்தைச் சேமித்து வைத்தார். வீடு கட்டுகிறார்கள், புதுமனை புகுவிழா வருகிறது. விழா வருவது அந்தக் கணக்குக்குத் தெரியாமல் இருக்கலாம். விளக்குப் படங்களில் அவர் விரல் நிற்பது தெரியும்.

எண்ணை வைத்துப் பார்த்தால் தெளிவாகும். நான் சொல்லும் எண்கள் விளக்கத்துக்காக நானே வைத்தவை. உண்மையான எடைகள் நிறுவனத்திடம் இருக்கின்றன, அடிக்கடி மாறுகின்றன. விருப்பக்குறிக்கு 1, கருத்துக்கு 5, பிறருக்கு அனுப்பினால் 10, மறைத்தால் 50 கழிப்பது என்று வைப்போம். இந்த அம்மா போன்றவர் 100 முறை பார்த்தால் 10 முறை விருப்பக்குறி, 4 முறை கருத்து, 6 முறை அனுப்புதல் என்று ஊகம். 10, 20, 60, கூட்டினால் 90. அதே நேரம் அவருடைய அண்ணன் மகள் திருமணப் படம் வந்திருக்கிறது. 60 விருப்பக்குறி, 20 கருத்து, 1 அனுப்புதல்: 60, 100, 10, மொத்தம் 170. ஒரு கிரிக்கெட் காணொளிக்கு 12 விருப்பக்குறி, 1 கருத்து, 4 அனுப்புதல்: 12, 5, 40, கூட்டினால் 57. ஆகவே திருமணம் முதலில், நம் விளக்கு இரண்டாவது, கிரிக்கெட் மூன்றாவது. சொந்த வீட்டுத் திருமணத்துக்குப் பின்னால் நிற்பதில் நமக்கு ஒரு குறையும் இல்லை.

எதிர்வீட்டுப் பையனுக்கு வாருங்கள். 3 விருப்பக்குறி, கருத்து இல்லை, அனுப்புதல் இல்லை, 100-க்கு ஒரு தடவை மறைத்துவிடுவான். 3-லிருந்து 50 கழித்தால் பூஜ்யத்துக்குக் கீழே 47. அவன் திரையில் நம் விளக்கு எங்கே வரும்? அவன் உங்கள் மேல் கோபமாக இருக்கிறான் என்று பொருள் இல்லை. அவனுக்கு விளக்கு வாங்கும் வேலை இல்லை.

இப்போது என் மைத்துனர் கடையில் நடந்ததைச் சொல்கிறேன், இதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. விளம்பரம் செய்து தருவதாக வந்த ஒருவர் பேச்சைக் கேட்டு, "பக்கத்தைப் பின்தொடருங்கள், மூன்று நண்பர்களைக் குறிப்பிடுங்கள், குலுக்கலில் குக்கர்" என்று போட்டார்கள். 340 பேராக இருந்தது ஒரே வாரத்தில் 1,150 ஆனது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அடுத்த மாதம் பார்த்தால், முன்பு ஒரு படத்தை 200 பேர் பார்த்த இடத்தில் 150 பேர்தான் பார்த்தார்கள். குக்கருக்காக வந்தவர்கள் விளக்கையும் தாம்பாளத்தையும் நிற்காமல் தள்ளினார்கள். ஒரு பதிவை மற்றவர்கள் எவ்வளவு பேர், எவ்வளவு வேகமாக வரவேற்கிறார்கள் என்பதும் ஊகத்தில் சேர்கிறது. முதலில் பார்ப்பவர்களில் இந்தக் கூட்டமே அதிகம் என்றால், உண்மையாக வாங்கக்கூடியவருக்கும் மதிப்பெண் குறைகிறது. போதாததற்கு, இப்படிக் குறிப்பிடச் சொல்லியும் பகிரச் சொல்லியும் கெஞ்சும் பதிவுகளை ஃபேஸ்புக் 2017 டிசம்பரிலிருந்தே கீழே இறக்குகிறது. சொந்தக்காரர்கள் எல்லோரையும் விருப்பக்குறி போடச் சொல்வதிலும் இதே சிக்கல்தான்.

பிறகு அந்தக் கடை மீண்டது ஒரு காணொளியால். நாச்சியார்கோவில் பட்டறையில், காவிரி வண்டல் மண்ணில் வார்த்த அச்சை ஒருவர் தட்டி உடைக்கிறார். கறுத்துக் கிடக்கும் பித்தளைத் தண்டு வெளியே வருகிறது. அதைக் கடைசல் பொறியில் மாட்டி உளியை வைத்ததும் சுருள் சுருளாகத் துகள் விழுந்து, உள்ளிருந்து மஞ்சள் பளபளக்கிறது. 20 நொடிதான். இறுதிவரை பார்க்காமல் விட முடியாது. அக்காளுக்கு அனுப்பினார்கள், மாமியாருக்கு அனுப்பினார்கள். இத்தகைய குறுங்காணொளியை, பின்தொடராத சிலருக்கும் முதலில் காட்டிப் பார்த்து, அவர்கள் நின்று பார்த்தால் இன்னும் பலருக்குக் காட்டுவார்கள். கீழே "எத்தனை அடி, எத்தனை கிலோ" என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் மைத்துனரின் மகள் அன்றைக்கே எடையைச் சொல்லிப் பதில் எழுதினாள். அது மேலும் பேச்சாக வளர்ந்தது.

இரண்டு சிறு விஷயங்கள். காலையில் பத்துப் படத்தை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் பத்து இடம் கிடைக்காது. ஒரே கடையின் பதிவுகள் அடுத்தடுத்து வராமல் அவர்களே விலக்கி வைக்கிறார்கள். மேலும், பதிவு பழசானால் இறங்கும். கார்த்திகை தீபத்துக்கான அகல் விளக்கை தீபத்தன்று மாலையில் போட்டுப் பயனில்லை. எண்ணெயும் திரியும் வாங்கும் நாட்களில் போடுங்கள்.

தம்பி, உங்கள் கணக்கை வணிகக் கணக்காக மாற்றியிருந்தால் படத்தின் கீழே View insights என்று இருக்கும். இன்று இரவு கடை பூட்டியபின் அதைத் தொடுங்கள். பார்த்தவர்களில் பின்தொடர்பவர்கள் எவ்வளவு, பின்தொடராதவர்கள் எவ்வளவு என்று காட்டும். எத்தனை பேர் சேமித்தார்கள், எத்தனை பேர் அனுப்பினார்கள் என்றும் இருக்கும். விருப்பக்குறி 80, அனுப்பியது பூஜ்யம் என்ற படத்தையும், விருப்பக்குறி 25, அனுப்பியது 9 என்ற படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த இரண்டாவது படத்தில் என்ன இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த வாரம் நான் கடைக்கு வருகிறேன், சேர்ந்து பார்ப்போம். வணக்கம்.