மயிலின் தலை கேமரா ஓட்டைக்குள் போகாமல் இருக்க: பேக் கவரில் படம் அச்சிடுவது எப்படி

[காட்சி: மேசையில் கவிழ்த்து வைத்த போன். மேலே ஒரு வெள்ளை பேக் கவர், அதில் மயில் படம். கேமரா மெல்ல நெருங்குகிறது.]

இந்த பேக் கவரை ஒரு நிமிடம் பாருங்கள். பின்பக்கம் முழுக்க மயில். இடது மேல் மூலையில் கேமராவுக்கான ஓட்டை, அதன் நான்கு பக்கமும் நிறம் விளிம்பு வரை வந்திருக்கிறது. ஓரங்களில் கவர் மெதுவாக வளைந்து இறங்கும் இடத்திலும் வெள்ளைக் கோடு தெரியவில்லை. ஒரு வாடிக்கையாளரின் மகள் வாட்டர் கலரில் வரைந்த படம் இது. ஐபோன் 13-க்காகச் செய்தது.

இதை முதல் முறையே இப்படிக் கொண்டுவர முடியவில்லை. காகிதத்தில் சோதித்துப் பார்த்தபோது மயிலின் தலை நேராக கேமரா ஓட்டைக்குள் போய் உட்கார்ந்தது. அதை எப்படிச் சரிசெய்தோம் என்பதைத்தான் இந்த வீடியோவில் காட்டப் போகிறேன்.

[காட்சி: வெள்ளைக் கவர், அச்சடித்த காகிதம், உலோக மோல்டு பக்கத்தில் பக்கத்தில்.]

முதலில் இது எந்த வகை அச்சு என்று சொல்லிவிடுகிறேன். இது சப்ளிமேஷன். படத்தை ஒரு காகிதத்தில் சப்ளிமேஷன் இங்க்கில் அடிக்கிறோம். அந்தக் காகிதத்தைக் கவரோடு ஒட்டவைத்துச் சூடு கொடுத்தால், இங்க் ஆவியாகிக் கவரின் மேலுள்ள பூச்சுக்குள் இறங்கிவிடும். படம் பூச்சின் மேலே உட்காராமல் உள்ளே இருப்பதால் நகத்தால் சுரண்டினாலும் வராது. இதில் வெள்ளை இங்க் கிடையாது. படத்தில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் கவரின் சொந்த வெள்ளைதான். அதனால் கறுப்புக் கவரில் இதைச் செய்ய முடியாது.

[காட்சி: இரண்டு கவர்கள், ஐபோன் 12, ஐபோன் 13. ஒன்றின் மேல் ஒன்று.]

சரி, வேலையை ஓட்டையிலிருந்து தொடங்குவோம். பலர் படத்தைத் தயார் செய்துவிட்டுக் கடைசியில்தான் ஓட்டை எங்கே வருகிறது என்று பார்ப்பார்கள். நான் அதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். இந்த இரண்டு கவர்களையும் பாருங்கள். ஐபோன் 12, ஐபோன் 13 இரண்டுக்கும் உயரம் 146.7 மி.மீ., அகலம் 71.5 மி.மீ. ஒரு மயிரிழைகூட வித்தியாசம் இல்லை. ஆனால் 12-இல் இரண்டு லென்ஸும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கும். 13-இல் அவை மூலைக்கு மூலை சாய்வாக இருக்கும், கேமரா மேடையும் பெரியது. போனின் அளவு ஒன்றுதானே என்று, கவரின் ஓரமும் ஓட்டையும் கோடாக வரைந்திருக்கும் 12-இன் டெம்ப்ளேட்டை எடுத்து 13-க்கு வைத்தால் ஓட்டை பொருந்தாது.

உங்கள் கையில் இருக்கும் கவருக்கு டெம்ப்ளேட் கிடைக்கவில்லையா? கவரின் பின்பக்கம் கண்ணாடியைத் தொடும்படி ஸ்கேனரில் வையுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலையும் வைத்து, 300 டிபிஐ-யில் ஸ்கேன் எடுங்கள். ஸ்கேலில் 50 மி.மீ. இருக்கும் இடம் திரையில் ஏறக்குறைய 590 பிக்சல் வந்தால் அளவு சரி. பிறகு ஓட்டையின் விளிம்பைச் சுற்றித் தனி லேயரில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். நான் வாங்கும் ஒவ்வொரு புது மாடலுக்கும் இதைச் செய்கிறேன். பத்து நிமிடம்தான் ஆகும்.

[காட்சி: திரையில் கவரின் கோட்டுருவம். அதன் பின்னால் மயில் ஓவியம் வந்து நிற்கிறது. தலை, ஓட்டைக்குள்.]

இப்போது மயிலைக் கொண்டுவந்து வைக்கிறேன். தலை இடது மேல் மூலையில், தோகை கீழே வலப்புறம். அந்தக் குழந்தை வரைந்தது அப்படித்தான். கேமரா ஓட்டையோ அதே மூலையில், ஏறக்குறைய 3 செ.மீ. சதுரம். கவரின் அகலம் 7 செ.மீ.தான் என்பதால், மேல் பகுதியின் அகலத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் ஓட்டைக்கே போய்விடுகிறது.

படத்தை அப்படியே கண்ணாடி பிம்பம் போலத் திருப்பிவிடலாமே என்று தோன்றும். தலை வலப்பக்கம் வந்துவிடும், உண்மைதான். ஆனால் கீழே குழந்தை தன் பெயரை எழுதியிருந்தாள். அதுவும் திரும்பிவிடும். பெயரை மட்டும் வெட்டி நேராக ஒட்ட எனக்கு மனம் வரவில்லை. அது அவள் கையெழுத்து, படத்தோடு சேர்ந்து இருக்க வேண்டும்.

அதனால் வேறு வழி எடுத்தேன். படத்தைச் சற்றுச் சிறிதாக்கி, தலை ஓட்டைக்குக் கீழே வரும் வரை வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் நகர்த்தினேன். அப்போது இடப்பக்கமும் மேலேயும் வெறும் இடம் விழுந்தது. ஓவியத்தின் பின்னணி இளமஞ்சள். அதே ஓவியத்தின் ஓரத்திலிருந்து மஞ்சளை எடுத்து அந்த இடங்களை நிரப்பினேன். தூரிகைத் தடம் தொடர்வது போல இருந்தால்தான் ஒட்டுப் போட்டது தெரியாது. இதற்கு மட்டும் அரை மணி நேரம் ஆனது.

ஓட்டை இருக்கும் இடத்தைப் படத்தில் வெட்டி எடுக்காதீர்கள். படம் அதற்கு மேலும் தொடரட்டும். கோட்டில் சரியாக வெட்டிவிட்டு, காகிதம் அரை மி.மீ. நகர்ந்தால்கூட ஓட்டையின் ஒரு பக்கம் வெள்ளைப் பிறை போலத் தெரியும். படம் தொடர்ந்தால் ஓட்டையின் உள்விளிம்பு வரை நிறம் ஏறும்.

[காட்சி: கவரின் ஓரம், மிக நெருக்கத்தில். வளைவின் மேல் விரல் நகர்கிறது.]

அடுத்து ஓரங்கள். இந்த வளைவை விரலால் தடவினால் கூர்மையே இல்லை. கைக்கு இதமான இந்த வளைவுதான் அச்சிடுபவருக்குச் சிக்கல்.

வளைவின் ஆரம் 3 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். தட்டையான பின்பக்கத்திலிருந்து பக்கவாட்டுச் சுவர் வரை அந்த வளைவின் மேல் நூலை வைத்து அளந்தால் 4.7 மி.மீ. வரும். ஆனால் பின்னாலிருந்து நேராகப் பார்க்கும் கண்ணுக்கு அது 3 மி.மீ. மட்டுமே. அங்கே இருக்கும் படம் நசுங்கித் தெரியும். அதனால்தான் ஓரத்தை ஒட்டி பார்டர் கோடு கேட்பவர்களிடம் வேண்டாம் என்று சொல்கிறேன். காகிதம் ஒரு மி.மீ. நகர்ந்தால் போதும், ஒரு பக்கம் பார்டர் தடிமனாகவும் மறுபக்கம் மெலிந்தும் தெரியும். இந்த மயிலில் பெயர், கண், அலகு எல்லாமே வளைவிலிருந்து 5 மி.மீ. உள்ளே இருக்கின்றன.

படம் மட்டும் வெளியே நீள வேண்டும். வளைவு, பக்கச் சுவர், அதற்கும் மேல் சில மி.மீ. எல்லாம் சேர்த்து இந்தக் கவருக்கு 95-க்கு 170 மி.மீ. எடுத்துக்கொண்டேன். 300 டிபிஐ-யில் அது 1122-க்கு 2008 பிக்சல். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கி வரும். ஓவியத்தைப் போட்டோ எடுத்து, டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

[காட்சி: காகிதத்தில் அச்சான மயில், இடவலம் மாறியிருக்கிறது. ஓரத்தில் திரும்பிய ‘அ’.]

அச்சடித்த பக்கம் கவரைப் பார்த்துக் கவிழ்வதால், காகிதத்தில் எல்லாம் இடவலம் மாறி அச்சாக வேண்டும். இதற்குத்தான் மிரர். இங்கே நான் ஒரு முறை தவறு செய்திருக்கிறேன். ஒரு தம்பதியின் கல்யாணப் போட்டோ, அதில் எழுத்து எதுவும் இல்லை. மென்பொருளிலும் மிரர் போட்டு, பிரிண்டர் செட்டிங்கிலும் மிரர் போட்டுவிட்டேன். இரண்டும் சேர்ந்து ஒன்றையொன்று நீக்கிவிட்டன. கவர் அழகாகத்தான் வந்தது. வாங்க வந்த அந்தப் பெண் பார்த்த உடனே, “அண்ணா, என் முந்தானை வலது தோளில் இருக்கே” என்றார். திருப்பிக் கொடுக்க முகமில்லாமல் போனது. புதிதாகச் செய்து கொடுத்தேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு படத்துக்கும் கவருக்கு வெளியே விழும் ஓரத்தில் ‘அ’ என்று ஓர் எழுத்து வைக்கிறேன். அச்சான காகிதத்தில் அது திரும்பியிருந்தால் சரி. நேராகப் படிக்க முடிந்தால் காகிதம் குப்பைக்கு.

[காட்சி: சாதாரணத் தாளில் நேராக அச்சான மயில், ஓட்டை வெட்டப்பட்டு, கவரின் மேல். ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கிறார்கள்.]

சப்ளிமேஷன் காகிதத்தைத் தொடும் முன் சாதாரணத் தாளில், மிரர் இல்லாமல், முழு அளவில் ஒன்று எடுங்கள். ஓட்டையை பிளேடால் வெட்டிக் கவரின் மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். இரண்டு ஓட்டையும் ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும். மயிலின் தலை மாட்டிக்கொண்டது எனக்குத் தெரிந்ததும் இப்படித்தான். கவர் வீணாகவில்லை.

[காட்சி: கவர் மோல்டில் ஏறுகிறது. ஹீட் டேப். வேக்யூம் மெஷின் மூடி இறங்குகிறது.]

இனி சூடு. கவரை அதே மாடலுக்கான உலோக மோல்டின் மேல் மாட்டுகிறோம். காகிதத்தை ஹீட் டேப்பால் இறுக்கி ஒட்டுகிறோம். இங்க் ஆவியாகும்போது காகிதம் அசைந்தால் படம் இரட்டையாகி, நிழல் விழுந்தது போல மங்கும். மெஷினில் சிலிக்கான் விரிப்பு மேலே இருக்கும். காற்றை உறிஞ்சியதும் அது காகிதத்தைக் கவரின் வளைவு முழுக்க அழுத்திப் பிடிக்கும். நான்கு மூலைகளில்தான் காகிதம் மடிப்பு விழப் பார்க்கும். மடிப்பு விழுந்த இடத்தில் மெல்லிய வெள்ளைக் கீறல் நிற்கும். மூலைகளில் காகிதத்தை அங்கங்கே சின்னதாக வெட்டிவிட்டால் அது ஒன்றின் மேல் ஒன்று படிந்து உட்காரும்.

சூடு பொதுவாக 180 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும், சில நிமிடங்கள். சரியான எண்ணை உங்கள் மெஷினும் கவரும் முடிவு செய்யும். வாங்கிய புதிதில் பழைய கவர் ஒன்றில் சோதித்துக்கொள்ளுங்கள்.

மெஷினிலிருந்து எடுத்த உடனே கவரைக் கழற்றக் கூடாது. ஏனென்று சொல்கிறேன். இந்தக் கவர் பாலிகார்பனேட். அது ஏறக்குறைய 147 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். நாம் கொடுப்பது அதற்கும் மேல். உள்ளே மோல்டு இருப்பதால்தான் அது தன் வடிவத்தில் நிற்கிறது. சூட்டோடு கழற்றினால் சுருங்கும், பக்கச் சுவர் உள்ளே சாயும், சதுர ஓட்டை கோணலாகும். அப்புறம் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் போன் உள்ளே போகாது. காகிதத்தை மட்டும் உரித்துவிட்டு, கையால் பிடிக்கும் அளவு ஆறும் வரை மோல்டிலேயே விடுங்கள்.

[காட்சி: போன் கவருக்குள் போகிறது. பட்டன்கள் அழுத்தப்படுகின்றன. விளக்கு அணைகிறது.]

போனைப் போட்டுப் பாருங்கள். வால்யூம் பட்டன் ‘டக்’ என்று அழுந்துகிறதா, இரண்டு லென்ஸையும் சுற்றிச் சம இடைவெளி இருக்கிறதா? கடைசியாக விளக்கை அணைத்துவிட்டு, பிளாஷ் போட்டு ஒரு போட்டோ எடுங்கள். ஓட்டையின் ஓரம் பிளாஷ் பக்கம் சாய்ந்திருந்தால், வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, படத்தின் ஒரு மூலையில் வெண்புகை போலத் தெரியும்.

[காட்சி: இருட்டில் பிளாஷ் மின்னுகிறது. திரையில் போட்டோ: கடை மேசை, மூலைகள் தெளிவாக.]

இதில் புகை இல்லை. கவரைத் துடைத்து உறையில் போட்டுவிட்டேன். சாயங்காலம் அந்தக் குழந்தையே வந்து வாங்கிக்கொண்டாள். முதலில் தேடியது தன் பெயரைத்தான்.